குறைபாட்டு அறிவிப்பு (139(9))

இந்திய வருமான வரிச் சட்டம், 1961இன் 139(9) பிரிவின்படி, தாக்கல் செய்த கணக்கில் குறை இருப்பதாகத் துறை அனுப்பும் அறிவிப்பு. அபராத உத்தரவு என்று பலர் பதறுகிறார்கள். உண்மையில் இது கணக்கைத் திருத்தக் கிடைக்கும் வாய்ப்பு. வைப்புநிதி வட்டி 60,000 ரூபாயில் வங்கி 6,000 ரூபாய் டிடிஎஸ் பிடித்திருக்கிறது என்று கொள்வோம். அந்த 6,000ஐ வரவாகக் கேட்டவர், வட்டியை வருமானத்தில் காட்டவில்லை. அறிவிப்பு இதைத்தான் சுட்டும்.

விளக்கக் கடிதம் மட்டும் இங்கே போதாது. இணையதளத்தில் குறையை ஒப்புக்கொண்டு, வட்டியைச் சேர்த்து, கூடுதல் வரி இருந்தால் கட்டி, திருத்திய கணக்கை இந்த அறிவிப்புக்கான பதிலாகவே தாக்கல் செய்ய வேண்டும். குறை இல்லையென்றால் மறுத்துக் காரணம் எழுதலாம். கெடு 15 நாள். கேட்டால் நீட்டிப்பு கிடைக்கக்கூடும். பதில் போகாவிட்டால் கணக்கு செல்லாததாகி, தாக்கலே செய்யாதவர் நிலைக்கு ஆளாக நேரும்.