சென்சார் வெட்டும் ஒரு பக்கப் பட்டியலும்

கொட்டகையில் படம் திடீரென்று ஒரு குதி குதித்தால் போதும், "சென்சார்ல வெட்டிட்டான்" என்று நம் பக்கத்தில் பெஞ்சு டிக்கெட் மொத்தமும் சொல்லும். பாதி நேரம் அந்தக் குதிக்குக் காரணம் சென்சார் இல்லை. ஊர் ஊராக ஓடித் தேய்ந்த பிரிண்ட் அறுந்து, ஆபரேட்டர் ஒட்டவைத்த இடம் அது. உண்மையான சென்சார் வெட்டு எப்படி முடிவாகும் என்பதைக் கோடம்பாக்கத்து எடிட்டிங் அறையில் உதவியாளனாக இருந்த காலத்தில் பார்த்திருக்கிறேன்.

தணிக்கை நமக்கு வெள்ளைக்காரன் காலத்துச் சரக்கு. 1918-ல் சட்டம் வந்தது, 1920-ல் சென்னையில் போர்டு அமைந்தது. சுதந்திரத்துக்குப் பின் 1952-ல் புதுச் சட்டம். ஒரு படத்தை நாலைந்து பேர் கொண்ட குழு உட்கார்ந்து பார்க்கும். 1983-ம் வருஷத்து விதிகளின்படி, ஒவ்வொருவரும் தியேட்டரை விட்டுப் போவதற்கு முன்பே தன் கருத்தைக் காரணத்தோடு எழுதிக் கொடுத்துவிட வேண்டியிருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்து எழுதினால் எந்த ரீலில் எதைப் பார்த்தோம் என்பதே குழம்பிவிடும் அல்லவா!

இருட்டில் எழுதுகிறவருக்கு அடிக்கணக்கு தெரியாது. ரீல் எண்ணும் காட்சியும்தான் குறிப்பார். அடிக்கணக்கை எடிட்டிங் மேஜையில் ஃபிலிமை ஓட்டிப் பிறகு அளந்துகொள்ளலாம். 35 எம்.எம். ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃப்ரேம், நிமிஷத்துக்கு 90 அடி ஓடும். ஆயிரம் அடி ரீல் ஏறக்குறைய பதினோரு நிமிஷம்.

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன், உதாரணத்துக்குத்தான். ஏழாவது ரீல், நீளம் 960 அடி. அதில் ஒரு கத்திச் சண்டை. முதல் உறுப்பினர் "சண்டை முழுவதையும் நீக்கவும்" என்கிறார். இரண்டாமவரும் மூன்றாமவரும் "ரத்தம் தெறிக்கும் க்ளோசப் இரண்டும் வேண்டாம்" என்கிறார்கள். நாலாமவர் "சண்டையைப் பாதியாகக் குறைக்கவும்" என்று எழுதியிருக்கிறார். மூன்றாமவர் மட்டும் சண்டைக்கு முந்தின வசனத்தில் ஒரு கெட்ட வார்த்தையையும் சுட்டியிருக்கிறார். அதை மற்றவர்கள் மறுக்கவில்லை.

நாலு தாளையும் அப்படியே சேர்த்து ஒட்டினால் அது பட்டியல் ஆகாது. முழுதும் வெட்டு, பாதி வெட்டு, துண்டு வெட்டு என்று மூன்றும் ஒன்றோடொன்று மோதும். இதில் வம்பு பிடித்தது "பாதி"தான். எந்தப் பாதி? கத்திரி பிடிக்கிறவன் எங்கே வைப்பான்? ஆகவே நாலாமவரிடம் "எந்த ஷாட் உங்களை உறுத்தியது?" என்று கேட்க வேண்டும். அவரும் அந்த இரண்டு க்ளோசப்பையே காட்டினால், மூன்று பேர் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம். சண்டை தப்பும், க்ளோசப் போகும். "குறைக்கவும்" என்ற சொல்லை மட்டும் அப்படியே பட்டியலில் விட்டால், தயாரிப்பாளர் பின்னால் நாலு அடியை வெட்டிவிட்டுக் குறைத்தாயிற்று என்பார், போர்டு போதாது என்னும்.

இப்போது மேஜைக்கு வருவோம். வார்த்தை 212-வது அடியில். முதல் க்ளோசப் 410-ல் தொடங்கி 8 அடி. இரண்டாவது 447-ல் தொடங்கி 6 அடி. பட்டியலில் உள்ள வரிசையிலேயே வெட்டினால் என்ன ஆகும்? முதல் 8 அடி போனதும், 447-ல் இருந்தது 439-க்கு வந்துவிடும். பட்டியலை நம்பி 447-ல் கத்திரி வைத்தால், க்ளோசப் ஏற்கெனவே முடிந்து அடுத்த ஷாட் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் ரீலின் கடைசியிலிருந்து முன்னோக்கி வெட்டிக்கொண்டு வருவோம். அப்படிச் செய்தால் மேலே உள்ள எண் எதுவும் கெடாது. ஒவ்வொரு வெட்டுக்கும் எதிரே ஷாட்டின் வர்ணனையும் இருக்கும். எண் பிசகினாலும் படம் காட்டிக்கொடுத்துவிடும்.

வார்த்தைக்கு வைத்தியம் வேறு. அதை வெட்டக் கூடாது, ஒலியை மட்டும் அடைக்க வேண்டும். பிரிண்டில் ஒலிக்கோடு படத்துக்கு 20 ஃப்ரேம் முன்னால், அதாவது ஒன்றேகால் அடி தள்ளி இருக்கும். வாய் அசையும் இடத்தில் மை பூசினால் கெட்ட வார்த்தை தப்பிவிடும், பின்னால் வரும் நல்ல வசனம் ஊமையாகும்! முதலில் ஒன்றேகால் அடியைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியில் பட்டியலில் மூன்றே வரி: ஒரு வார்த்தை அடைப்பு, 8 அடி நீக்கம், 6 அடி நீக்கம். மொத்தம் 14 அடி, ஒன்பது விநாடிக்குச் சற்றே கூடுதல். ஏழாவது ரீல் இனி 946 அடி. வெட்டிய துண்டுகளைப் போர்டில் ஒப்படைக்க வேண்டும். அவற்றின் நீளத்தைக் கூட்டினால் அந்த 14 வர வேண்டும். வராவிட்டால் எங்கேயோ ஒரு ஷாட் அதிகமாகப் போயிருக்கிறது, இல்லை போக வேண்டியது உள்ளேயே இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி மேஜைக்கு!

படம் தொடங்கும்முன் திரையில் வரும் சர்ட்டிஃபிகேட்டின் கீழ் ஓரத்தில் சில சமயம் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? வெட்டுப் பட்ட படம் என்பதற்கு அடையாளம் அதுதான்.