தொட்டி மட்டமும் பூஜ்ஜிய உயர்த்தலும்

நீரின் அழுத்தம் பாத்திரத்தின் வடிவத்தைப் பொறுத்ததல்ல, நீரின் உயரத்தையே பொறுத்தது என்பதை 1586-இல் சைமன் ஸ்டெவின் நூலாக வெளியிட்டார். தொட்டிக்குள் மிதவை எதுவும் போடாமல் அடியில் அழுத்தத்தைப் பார்த்தே மட்டத்தைச் சொல்லும் முறைக்கு அடிப்படை இதுதான். ஆனால் ஆலைகளில் அது வழக்கமாக வெகுகாலம் ஆனது. 1948-இல் அமெரிக்காவின் ஃபாக்ஸ்போரோ நிறுவனம் காற்றழுத்தத்தில் இயங்கும் டிபி செல்லைக் கொண்டுவந்தது. 1969-இல் ரோஸ்மவுண்டின் 1151 வந்தபின் மின்சாரக் கருவிகள் பரவின.

கருவி பெரும்பாலும் தொட்டியின் அடிமட்டத்தில் இருப்பதில்லை. கை எட்ட வேண்டும் என்பதற்காக அதற்கும் கீழே பொருத்தப்படுகிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு திறந்த தண்ணீர்த் தொட்டியில் 0 முதல் 3,000 மி.மீ. வரை அளக்க வேண்டும், டிரான்ஸ்மிட்டர் அடிக்குழாய்க்கு 1,000 மி.மீ. கீழே இருக்கிறது என்று கொள்வோம். தொட்டி காலியானாலும் இணைப்புக் குழாயில் நீர் நிற்கும்; கருவி 1,000 மி.மீ. நீரழுத்தத்தை உணரும். எனவே 4 மில்லி ஆம்பியரை 1,000-க்கும் 20 மில்லி ஆம்பியரை 4,000-க்கும் அமைக்க வேண்டும். இந்தத் தள்ளிவைப்பையே பல ஆலைகளில் பூஜ்ஜிய உயர்த்தல் என்கிறார்கள். அமெரிக்கக் கருவியியல் தரநிலையோ இதைப் பூஜ்ஜிய ஒடுக்கம் என்கிறது; உயர்த்தல் என்ற சொல்லை, குறை எண்ணில் தொடங்கும் வீச்சுக்கு வைத்திருக்கிறது. பெயரை நம்பாமல் எண்ணை எழுதிக் கேட்பதே நல்லது.

மூடிய தொட்டியில் அந்தக் குறை எண் வருகிறது. மேல்முனைக் குழாயிலும் நீர் நிரப்பி, அதன் உச்சி அடிக்குழாயிலிருந்து 3,500 மி.மீ. உயரத்தில் இருந்தால், வீச்சு −3,500 முதல் −500 வரை ஆகும். இரு குழாய்களிலும் ஒரே அடர்த்தியுள்ள நீர் இருப்பதால் கருவியை எவ்வளவு கீழே வைத்தாலும் கணக்கு மாறாது; 1,000 மி.மீ. இரு பக்கமும் கழிந்துவிடும்.

பழைய காற்றழுத்தக் கருவியில் இந்தத் தள்ளிவைப்புக்கென ஒரு சுருள்வில்லை மாட்டி இழுத்துச் சரிசெய்தார்கள். 1151-இன் மின்பலகையில் சிறு இணைப்பு ஊசியை இடம்மாற்றினார்கள். 1980-களில் வந்த ஹார்ட் தொடர்புமுறையில் இரண்டு எண்களைத் தட்டினால் போதும்.

வசதி கூடியதும் ஒரு புதுத் தவறும் சேர்ந்தது. திறந்த தொட்டியின் குழாயை வடித்துவிட்டுப் பார்த்தால் மின்னோட்டம் 4-க்கும் கீழே கிடக்கும். அதைப் பழுதென்று எண்ணிப் பூஜ்ஜியப் பொத்தானை அழுத்திவிடுவார்கள். வீச்சு 0 முதல் 3,000 ஆகிவிடும். அதன்பின் காலித் தொட்டி 33 சதவீதம் காட்டும், 2,000 மி.மீ. நீர் இருக்கும்போதே நிரம்பிவிட்டதாகச் சொல்லும். தொட்டி காலியாக, குழாய் நிறைந்திருக்கையில் 9.3 மில்லி ஆம்பியர் வந்தால், பொத்தானை யாரோ தொட்டிருக்கிறார்கள் என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும்.