எழுத்து மயக்கமும் படச் சரிபார்ப்பும்: rn–m, l–1 இணைகளை முன்வைத்து

அச்சு நூலை ஸ்கேன் செய்து, எழுத்துணரி தந்த பாடத்தைத் திருத்தி முடித்ததும் மின்பதிப்பின் முகப்பில் ‘மெய்ப்புப் பார்க்கப்பட்டது’ என்றொரு குறிப்பு ஏறிவிடுகிறது. எதைப் பார்த்தார்கள், எப்படிப் பார்த்தார்கள் என்பது அதில் இருப்பதில்லை. பாடத்தை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துத் திருத்துவது ஒரு வேலை. ஒன்றோடொன்று மயங்கும் எழுத்திணைகளை மட்டும் தேடியெடுத்து, ஒவ்வோர் இடத்தையும் பக்கப் படத்தோடு ஒப்பிடுவது வேறொரு வேலை. முதல் வேலையை எத்தனை சுற்று செய்தாலும் அது இரண்டாவதற்கு ஈடாகாது என்பதே இக்கட்டுரையின் வாதம். சான்றாகப் பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலக் கடற்பயண நூல்களை எடுத்துக்கொள்கிறேன். rn–m மயக்கம் தீங்கு செய்ய ஏற்ற இடம் அதுதான்.

பொருள் தரும் பிழை

எழுத்துணரி return என்ற சொல்லை retum என்று படித்தால் கவலையில்லை. அப்படியொரு சொல் அகராதியில் இல்லை; எழுத்துக்கூட்டுச் சோதனையே அடிக்கோடிட்டுக் காட்டிவிடும். modern என்பது modem ஆனால் சோதனை சும்மா இருந்துவிடும், ஏனெனில் இரண்டும் சொற்கள். 2000இல் தொடங்கிய ‘டிஸ்ட்ரிபியூட்டட் புரூஃப்ரீடர்ஸ்’ என்னும் தன்னார்வலர் அமைப்பில் இத்தகைய பிழைக்கு ‘ஸ்டெல்த் ஸ்கானோ’ என்று பெயர்; ஒளிந்திருக்கும் ஸ்கேன் பிழை என்று கொள்ளலாம். ஆனாலும் பழைய நூலொன்றில் மோடம் வந்து நின்றால் கவனமுள்ள வாசகர் பிடித்துவிடுவார். பொருள் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கப்பலில் பொருள் காட்டிக்கொடுப்பதில்லை. stem என்பது கப்பலின் முன்முனை மரம். stern என்பது பின்புறம். நம் கடற்கரையில் அணியம், அமரம் என்பார்களே, அவையேதான். “The water came in at the stem” என்று பாடத்தில் ஒரு வாக்கியம் இருப்பதாகக் கொள்வோம். தண்ணீர் அணியத்தில் புகுந்திருக்கலாம், அமரத்திலும் புகுந்திருக்கலாம். இலக்கணமும் அகராதியும் சூழலும் இரண்டுக்கும் இடம் தருகின்றன. ஆனால் கப்பல் எங்கே அடிபட்டது, அடுத்து மாலுமிகள் எந்தப் பக்கம் ஓடினார்கள் என்பதெல்லாம் இந்த ஒரு சொல்லில் தொங்குகிறது. yam, yarn இரண்டும் அப்படியே. பசிபிக் தீவுகளில் கேப்டன் குக்கின் கப்பல்கள் வாங்கி ஏற்றிய வள்ளிக்கிழங்கு yam. கயிறு திரிக்கும் புரி yarn. இரண்டும் கப்பலின் சரக்குக் கணக்கில் அடுத்தடுத்து வரக்கூடியவை.

இத்தகைய இடங்களில் பொருளறிந்து வாசிக்கும் பழக்கமே தடையாகிறது. வாக்கியம் தடையின்றி ஓடும்போது கண் எழுத்தைப் பார்ப்பதில்லை. எதிர்பார்த்த சொல்லை வைத்து நிரப்பிக்கொண்டு போய்விடுகிறது. வாசகர் எவ்வளவு தேர்ந்தவரோ அவ்வளவு வேகமாக நிரப்புவார். ஆகவே, இரண்டாவது மூன்றாவது முறை வாசிப்பவரும் முதலாமவர் தவறவிட்ட இடத்திலேயே தவறவிடும் வாய்ப்பு அதிகம்.

சொல்லைத் தேடுதல், படத்தைப் பார்த்தல்

எனவே முடிந்த பாடத்தில் இணை இணையாகத் தேட வேண்டும். பாடத்தின் சொற்பட்டியலை எடுத்து, m வரும் இடத்தில் rn இட்டும், rn வரும் இடத்தில் m இட்டும் பார்த்தால், எவை இரு வடிவிலும் சொல்லாகின்றன என்பது தெரிந்துவிடும். அந்தப் பட்டியல் சிறியதாகவே இருக்கும். பிறகு அந்தச் சொற்கள் வரும் வரிகளையெல்லாம் எடுக்கலாம்:

```
grep -niwE 'stem|stern|yams?|yarns?|comer|corner' payanam.txt
```

stem என்பதை மட்டும் தேடி நிறுத்தக்கூடாது. stern என்பதையும் தேட வேண்டும். மை அதிகம் ஊறிய பக்கத்தில் r, n இரண்டும் ஒட்டிக்கொண்டு m ஆகும். மை போதாமல் வெளிறிய பக்கத்தில் m உடைந்து rn ஆகும். முதலாவதே அதிகம் நிகழும் என்றாலும், இரண்டாவது நிகழாது என்று விட்டுவிட முடியாது.

ஒட்டிக்கொள்வதன் காரணம் எளிய கணக்கு. பத்துப் புள்ளி எழுத்தை ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி அளவில் ஸ்கேன் செய்தால், n போன்ற சிற்றெழுத்தின் உயரம் ஏறத்தாழ 19 படப்புள்ளிதான் வரும். r-இன் கைமுனைக்கும் n-இன் தண்டுக்கும் நடுவே ஒன்றிரண்டு படப்புள்ளி வெளி இருக்கும். 150 அளவில் ஸ்கேன் செய்தால் அந்த வெளி ஒரு படப்புள்ளிக்கும் குறைந்து மறைந்துவிடும்.

வெளி மறைந்தாலும் அடையாளம் முழுதும் போவதில்லை. rn, m இரண்டிலும் மூன்று தண்டுகள் உண்டு. வேறுபாடு நடுத்தண்டின் தலையில் இருக்கிறது. m-இல் முதல் வளைவு அப்படியே இறங்கி நடுத்தண்டாகிறது. அதன் தலை வழுவழுப்பான வளைவு. rn-இல் நடுத்தண்டு என்பது n-இன் முதல் தண்டு. அதன் தலையில் இடப்பக்கம் சாய்ந்த சிறு கொடி இருக்கும். r-இன் கைமுனை துளிபோல் தடித்து அந்தக் கொடியை முட்டும். அந்த இடத்தில் கறுப்பு சற்றே திரண்டு தெரிந்தால் அது rn. ஐயம் தீராவிட்டால், அதே பக்கத்தில் time, from போன்ற ஐயமற்ற சொல்லிலுள்ள m-ஐ அருகில் வைத்து அகலத்தை ஒப்பிட வேண்டும். பொதுவாக rn கொஞ்சம் அகலம் கூடுதல். ஒப்பீடு அதே பக்கத்து எழுத்தோடுதான் செய்ய வேண்டும். வேறு பக்கத்தில் மையும் அழுத்தமும் மாறியிருக்கும்.

இதில் ஒரு வரிசை முக்கியம்: முதலில் படம், பிறகு பாடம். படத்தில் என்ன இருக்கிறது என்று தீர்மானித்துக்கொண்டபின்தான் பாடத்தைப் பார்க்க வேண்டும். பாடத்தை முதலில் பார்த்துவிட்டால், மங்கிய வடிவத்தில் அந்தச் சொல்லே தெரியத் தொடங்கிவிடும்.

எண்ணுக்குள் நுழைந்த எழுத்து

l–1 மயக்கம் வேறு வகை. எண்ணுக்குள் எழுத்து நுழைந்திருந்தால் அதைத் தேடிப் பிடிப்பது சுலபம்:

```
grep -nE '[0-9][lIO]|[lIO][0-9]|\bll?\b' payanam.txt
```

I'll, we'll போன்ற சொற்களும் இந்த வலையில் சிக்கும், அவற்றைத் தள்ளிவிடலாம். படத்தில் பார்க்க வேண்டியது உயரம். l எப்போதும் b, h, d ஆகியவற்றின் உயரத்துக்கு எழும். பழைய பாணி எண்களில் 1 சிற்றெழுத்தின் உயரத்தோடு நின்றுவிடும். சில அச்சுகளில் சிறிய I போலவே இருக்கும். ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய தட்டச்சுப் பொறிகள் பலவற்றில் 1 என்ற விசையே கிடையாது. தட்டச்சர்கள் l-ஐ அடித்தார்கள். அந்த ஆவணங்களில் படம் காட்டும் வடிவம் l. எழுதியவர் கருதியது 1. அங்கே 1 என்றே படியெடுத்து, அதைப் பதிப்புக் குறிப்பில் சொல்லிவிடுவது முறை.

உண்மையான ஆபத்து, எண் எண்ணாகவே மாறும்போது வருகிறது. 11° 15′ என்ற அட்சரேகை 17° 15′ என்று படிக்கப்பட்டால் மேற்கண்ட தேடல் அதைக் காட்டாது. சொல்லுக்கு அகராதி உண்டு, எண்ணுக்கு இல்லை. அங்கே துணைக்கு வருவது கணக்கு. மணிக்கு ஐந்து கடல்மைல் ஓடும் பாய்க்கப்பல் ஒரு நாளில் 120 கடல்மைல் போகும். ஓர் அட்சப் பாகைக்கு 60 கடல்மைல். ஆகவே நேரே வடக்கோ தெற்கோ ஓடினாலும் நாளுக்கு இரண்டு பாகைதான். நேற்று நண்பகல் 11 பாகையில் இருந்த கப்பல் இன்று 17 பாகையில் இருந்து நாளை மறுபடி 11க்கு வந்தால், அந்த எண்ணைப் படத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பார்த்தபின் படத்திலும் 17 என்றே இருக்கலாம். அது அச்சுக்கோப்பவரின் பிழையாக இருக்கலாம். பாடத்தில் 17ஐ விட்டுவைத்து அடிக்குறிப்பில் சொல்ல வேண்டும். கணக்கு ஐயத்தை எழுப்பலாமே தவிர, தீர்ப்பளிக்கும் உரிமை அதற்கு இல்லை.

படத்தையும் ஐயுற வேண்டிய இடம்

படமே சாட்சி என்றால் அந்தச் சாட்சியையும் விசாரிக்க வேண்டும். ஜெர்மானியக் கணினியியலாளர் டேவிட் கிரீசல் 2013இல் வெளிக்கொணர்ந்த செய்தி இதற்குப் போதும். ஜெராக்ஸ் வொர்க்சென்டர் வகைப் பொறிகள் சிலவற்றில் கட்டட வரைபடம் ஒன்றை ஸ்கேன் செய்தபோது, வெவ்வேறு பரப்பளவுள்ள மூன்று அறைகளுக்கும் 14.13 சதுர மீட்டர் என்ற ஒரே எண் பதிவாகியிருந்தது. எழுத்துணரி அங்கே வேலை செய்யவே இல்லை. கோப்பின் அளவைக் குறைப்பதற்காக, ஒத்த வடிவங்களை ஒன்றாகக் கருதி ஒரே துண்டை எல்லா இடத்திலும் ஒட்டும் ஜேபிக்2 என்னும் சுருக்கமுறை செய்த வேலை அது. ஒட்டப்பட்ட எண் மங்கலாக இருக்காது. துல்லியமாக, தவறாக இருக்கும். எனவே ஒப்பிடும் படம் கறுப்பு–வெள்ளையாக இறுக்கிச் சுருக்கப்பட்டதா, சாம்பல் நிறப்படியோடு எடுத்த மூலமா என்பதை முதலில் அறிய வேண்டும். இரண்டும் கிடைத்தால் பின்னதையே பார்க்க வேண்டும். எண் அட்டவணைகளுக்கு இது கட்டாயம்.

தமிழ்ப் பாடத்துக்கு

இம்முறை ரோமன் எழுத்துக்கு மட்டும் உரியதன்று. ஓலைச்சுவடியில் காலும் ரகரமும் ஒரே வடிவம். பழைய அச்சிலும் நெருங்கிய வடிவமே. நாகம்–நரகம், பாவை–பரவை, பாதம்–பரதம் ஆகியவை நம்முடைய stem–stern. l–1க்கு இணையாக ௧–க, ௨–உ, ௭–எ இருக்கின்றன. தமிழ் எண்களால் பக்கமும் பாட்டும் எண்ணிட்ட நூல்களில் இவை தொல்லை தரும். ‘கௌ’, ‘கெள’ என்பதில் இன்னொரு சிக்கல்: திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், உள்ளே குறியீடு வேறு. அதைப் படத்தோடு ஒப்பிட்டுத் தீர்க்க முடியாது. குறியீட்டைத் தேடித்தான் திருத்த வேண்டும்.

1998இல் மதுரைத் திட்டம் தொடங்கியதிலிருந்து தமிழில் மின்பாடங்கள் குவிந்து வருகின்றன. ஆய்வாளர்கள் அவற்றில் சொல் தேடி, எண்ணி, முடிவு சொல்கிறார்கள். பாடத்தில் நரகம் என்று இருக்கும் இடத்தில் மூலத்தில் நாகம் இருந்திருந்தால் அந்த முடிவு நிற்காது. எனவே ஒவ்வொரு மின்பதிப்பின் முகப்பிலும் மூன்று செய்திகள் இடம்பெற வேண்டும்: எந்தப் பதிப்பின் எந்தப் படத்தோடு ஒப்பிடப்பட்டது, எந்தெந்த எழுத்திணைகள் தேடிப் பார்க்கப்பட்டன, எவை பார்க்கப்படவில்லை. இவை இல்லாத பாடம் வாசிக்க உதவும். மேற்கோளுக்கும் சொல்லெண்ணிக்கைக்கும் உதவாது.