மேலே யார், கீழே யார்: யீ ஜிங்கின் முக்கோடுகளில் இணையர்

சீனத்தின் பழைய குறிநூலான யீ ஜிங்கைத் திருமணப் பொருத்தத்துக்காகப் புரட்டுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பேருடைய குணங்களை அருகருகே வைத்துப் பார்க்கிறார்கள். ஒருவர் மலை, மற்றவர் ஏரி, இரண்டும் சேருமா என்பதே அவர்களுடைய கேள்வி. நூலின் பழைய உரைகள் இந்தக் கேள்வியோடு நிற்பதில்லை. மலை மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, அங்கிருந்து எந்தப் பக்கம் நகர முனைகிறது என்று கேட்கின்றன. இடத்தை மாற்றினால் அதே இருவரின் உறவு வேறொன்றாகிவிடுகிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அடிப்படை எளிது. முழுக்கோடு யாங்; அது திண்மை, எழுச்சி. நடுவில் இடைவெளி விட்ட கோடு யின். அது மென்மை, ஏற்பு. மூன்று கோடுகளைக் கீழிருந்து மேலாக அடுக்கினால் எட்டு வடிவங்கள் கிடைக்கும். அவற்றை இங்கே முக்கோடு என்கிறேன். மூன்றும் முழுக்கோடானால் வானம், அதாவது தந்தை. மூன்றும் உடைந்ததானால் நிலம், அதாவது தாய். எஞ்சிய ஆறும் பிள்ளைகள். இவர்களில் ஆண் யார், பெண் யார் என்பதைச் சிறுபான்மைக் கோடு முடிவு செய்கிறது. இரண்டு யின் கோடுகளோடு ஒரே ஒரு யாங் இருந்தால் மகன். இரண்டு யாங்குகளோடு ஒரே ஒரு யின் இருந்தால் மகள். அந்தத் தனிக்கோடு நிற்கும் படியே பிறப்பு வரிசை. அடியில் நின்றால் மூத்தவர், நடுவில் நின்றால் நடுப்பிள்ளை, உச்சியில் நின்றால் கடைக்குட்டி. இப்படி இடி மூத்த மகனாகவும், நீர் நடு மகனாகவும், மலை இளைய மகனாகவும் அமைகின்றன. காற்று மூத்த மகள், நெருப்பு நடு மகள், ஏரி இளைய மகள். ஷுவோ குவா என்ற துணைநூல் இந்தக் குடும்பத்தை விரித்துச் சொல்கிறது.

ஒரு முக்கோட்டின் மூன்று கோடுகளையும் எதிர்மாறாக்கினால் அதே படியில் உள்ள எதிர்பாலார் கிடைக்கிறார். மலை ஏரியாகிறது, இடி காற்றாகிறது, நீர் நெருப்பாகிறது. ஜோடிகள் இந்தக் கட்டமைப்பிலேயே பொதிந்திருக்கின்றன. சாங்ஷா நகருக்கு அருகே மாவாங்துயில் கி.மு. 168இல் மூடப்பட்ட கல்லறையிலிருந்து 1973இல் எடுக்கப்பட்ட பட்டுச்சுவடி, மேல் முக்கோட்டைக் கொண்டே நூலை வகுத்திருக்கிறது. தந்தையும் மூன்று மகன்களும் முதலில், தாயும் மூன்று மகள்களும் அடுத்து. ஏடெழுதியவர் மனத்தில் குடும்பம் வெறும் உவமையாக இருக்கவில்லை என்பதற்கு இந்த வரிசையே சான்று.

ஒரு முக்கோட்டின் மேல் இன்னொன்றை வைத்தால் அறுகோடு, மொத்தம் 64. கீழது உள்ளே இருப்பவர், மேலது வெளியே இருப்பவர். இருவருக்கும் இடையிலான தொடர்பை உரைகாரர்கள் படிக்குப் படி பார்க்கிறார்கள்: முதல் கோடும் நான்காவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் ஆறாவதும். ஒன்று யாங், மற்றது யின் என்றால் அவை ஒன்றுக்கொன்று பதில் சொல்கின்றன. ஒரே வகையானால் மௌனம். எதிர்மாறான முக்கோடுகள் இணையும் எட்டு அறுகோடுகளில் மட்டுமே மூன்று தொடர்புகளும் நிறைவாகின்றன.

அப்படியானால் அந்த எட்டும் நல்ல இணைகள்தானே என்று கேட்கலாம். இல்லை. 11ஆவது அறுகோட்டில் நிலம் மேலே, வானம் கீழே. 12ஆவதில் வானம் மேலே, நிலம் கீழே. இரண்டிலும் மூன்று தொடர்புகளும் உண்டு; ஆனால் முன்னது செழிப்பு, பின்னது தேக்கம். கண்ணுக்கு முறையாகப்படுவது 12தான், வானம் தன் இடத்தில், நிலம் தன் இடத்தில். ஆனால் வானத்தின் இயல்பு மேலே போவது, நிலத்தின் இயல்பு கீழே இறங்குவது. 12இல் இருவரும் தத்தம் போக்கில் விலகுகிறார்கள். 11இல் கீழிருந்து வானம் எழ, மேலிருந்து நிலம் இறங்க, நடுவில் சந்திக்கிறார்கள். எல்லாத் தொடர்பும் பொருந்தியும் உறவு நடக்காமல் போகலாம் என்பதற்கு 12ஐவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நூலில் இல்லை.

இணையரைப் பற்றிய மையமான குறி 31ஆவதான ஷியன். கீழே மலை, மேலே ஏரி. இளைய மகன் இளைய மகளுக்குக் கீழே நிற்கிறான். பெண் கொள்வது நன்மை என்று மூலக்குறியே சொல்கிறது. ஏன் நன்மை என்பதைத் துவான் என்னும் உரை விளக்குகிறது: மென்மை மேலே போயிற்று, திண்மை கீழே வந்தது, ஆண் பெண்ணுக்குத் தாழ்ந்தான். 164 முதல் 233 வரை வாழ்ந்த உரையாசிரியர் யூ ஃபான் இதைக் கோட்டளவில் காட்டுகிறார். மேலே சொன்ன 12ஐ எடுத்துக்கொண்டு, அதன் மூன்றாம் கோட்டையும் ஆறாம் கோட்டையும் இடம் மாற்றினால் 31 கிடைக்கும். வானத்தின் உச்சிக்கோடு நிலத்துக்குள் இறங்கி அதை மகனாக்குகிறது; நிலத்தின் ஒரு கோடு வானத்துக்குள் ஏறி அதை மகளாக்குகிறது. விலகி நின்ற இருவர் ஆளுக்கொரு கோட்டைக் கொடுத்து வாங்கிய பிறகே இணையாகிறார்கள்.

இந்தத் தாழ்வு வெறும் மனநிலை அன்று, சடங்காகவும் இருந்தது. ஷுன்ட்ஸுவின் பெயரால் வழங்கும் நூல் இதே 31ஐ எடுத்துக்கொண்டு, உயர்ந்தவர் தாழ்ந்தவருக்குக் கீழே இறங்குவதே அதன் பொருள் என்கிறது. மாப்பிள்ளை தானே பெண் வீட்டுக்குப் போய் அழைத்துவரும் முறையை அதற்கு எடுத்துக்காட்டாக்குகிறது. சடங்கு நூல்களின்படி மணமகன் மணமகளின் வண்டியில் ஏறிக் கடிவாளம் பிடிக்கிறான். சக்கரம் மூன்று சுற்று சுற்றியதும் வண்டிக்காரனிடம் கொடுத்துவிட்டு, தன் வண்டியில் முந்திப் போய் வீட்டு வாசலில் காத்திருக்கிறான். மூன்று சுற்றுதான், அதற்கு மேல் அந்தத் தாழ்வு நீடிப்பதில்லை. இதை மறந்துவிட்டு 31ஐ ஆண்பெண் சமத்துவப் பிரகடனமாக வாசிப்பது இன்றைய விருப்பத்தைப் பழைய நூலில் ஏற்றுவதாகும்.

இதே இருவரை இடம் மாற்றிப் பாருங்கள். ஏரி கீழே, மலை மேலே வந்தால் அது 41, குறைதல். இதுவும் கெட்ட குறி அன்று. மனத்தில் வாய்மை இருந்தால் பெரும் நன்மை என்கிறது மூலம். ஆனால் பெண் கொள்ளும் பேச்சு மறைந்துவிடுகிறது. கீழுள்ளதைக் குறைத்து மேலுள்ளதை வளர்ப்பது என்று துவான் உரை இதை விளக்குகிறது. 11இன் மூன்றாம் கோடாகிய யாங் உச்சிக்குப் போய்விட, அங்கிருந்த யின் கீழே வருகிறது. ஏரி தாழத் தாழ மலை உயரும் காட்சி இது. இரண்டிலும் ஆள்கள் அவர்களே, தொடர்புகளும் அவையே. ஒன்று நெருங்கி வருதல், மற்றது ஒருவர் தம்மைக் குறைத்து மற்றவருக்குக் கொடுத்தல்.

இங்கே ஒரு தடை எழும். 31க்கு அடுத்து வரும் 32ஆவது அறுகோட்டில் இடி மேலே, காற்று கீழே. மூத்த மகன் மூத்த மகளுக்கு மேலே நிற்கிறான். ஆண் தாழ்வதே நன்மை என்றால் இது தேக்கமாக அல்லவா இருக்க வேண்டும்? ஆனால் இதன் பெயரே நீடித்தல், குறியும் நல்லது. சொங் காலத்துச் செங் யீ (1033–1107) வயதை வைத்து விடை சொல்கிறார். இளையோர் இணையும் வேளையில் ஆண் தாழ்கிறான். மூத்தோர் இல்லறத்தில் ஆண் வெளியே இயங்க, பெண் உள்ளே இசைந்து நடக்கிறாள். அவர் காலத்துக் குடும்ப ஒழுங்கு இந்த விடைக்குள் பேசுகிறது என்பதில் ஐயமில்லை. ஆனாலும் ஒரு செய்தி எஞ்சுகிறது: மேல், கீழ் என்ற இடங்களுக்கு நிலையான மதிப்பு கிடையாது. உறவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அவை பொருள் தருகின்றன. என் வாதத்தை 32 முறிக்கவில்லை. இடத்தோடு காலத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது.

நடைமுறையில் இந்த வாசிப்பு எப்படி இயங்கியது என்பதற்கு ஸுவோ ஜுவான் வரலாறு ஒரு வழக்கைத் தருகிறது. சீ நாட்டுப் பெருங்குடி அமைச்சர் ச்சுய் ஜூ, துக்கம் கேட்கப் போன வீட்டில் இறந்தவரின் மனைவி தாங் ஜியாங்கைக் கண்டு மணக்க விரும்பினார். இருவரும் ஒரே குலம் என்று பெண்ணின் சகோதரர் மறுத்தார். குறி பார்த்தபோது 47ஆவது அறுகோடு வந்தது. அதில் மூன்றாம் கோடு மாறி 28 ஆயிற்று. அரண்மனைக் குறிகாரர்கள் அனைவரும் நன்மை என்றார்கள். சென் வென்ட்ஸு என்பவர் மட்டும் மறுத்தார்.

அவருடைய வாசிப்பைக் கோடு கோடாகப் பார்க்கலாம். 47இல் கீழே நீர், மேலே ஏரி. நீர் நடு மகன், ஆகவே கணவன். ஏரி இளைய மகள், ஆகவே மனைவி. நீரின் கோடுகள் கீழிருந்து யின், யாங், யின். மூன்றாவது யின் யாங்காக மாறினால் யின், யாங், யாங் ஆகும், அதாவது காற்று. கணவன் காற்றாகிறான், காற்று மேலே உள்ளதை உதிர்த்துவிடும், ஆகவே இந்தப் பெண்ணைக் கொள்ளக் கூடாது என்பது அவர் முடிவு. பிறகுதான் அவர் மூன்றாம் கோட்டின் வாசகத்துக்குப் போகிறார். கல்லில் சிக்கி, முள்ளைப் பற்றி, வீடு புகுந்து மனைவியைக் காணாதவனைப் பற்றியது அது. கவனிக்க வேண்டியது, மனைவியின் முக்கோட்டில் ஒரு கோடும் மாறவில்லை. கெடுதல் கணவனின் மாற்றத்திலிருந்து வருகிறது. அவள் கைம்பெண், அந்தக் கேட்டை முன்னவனே ஏற்றுப் போய்விட்டான் என்று சொல்லி ச்சுய் ஜூ மணந்துகொண்டார். குறி தம்மையே சுட்டியது என்பதை அவர் பார்க்க மறுத்தார்.

பின்னர் சீ நாட்டு அரசர் தாங் ஜியாங்குடன் உறவு கொள்ள, கி.மு. 548இல் ச்சுய் ஜூ அரசரைக் கொன்றார். கி.மு. 546இல் அவர் குடும்பம் அழிந்தது. அவள் தூக்கிட்டுக்கொள்ள, திரும்பப் போக வீடில்லாமல் அவரும் தூக்கிட்டுக்கொண்டார். முடிவு தெரிந்த பின் எழுதப்பட்ட கதை இது. குறி பலித்ததற்குச் சான்றாக இதைக் கொள்ள முடியாது. ஆனால் கி.மு. 4ஆம் நூற்றாண்டு வாசகருக்கு, கீழ் முக்கோடு கணவன், மேல் முக்கோடு மனைவி என்ற வாசிப்பு விளக்கம் தேவைப்படாத அளவுக்குப் பழகியிருந்தது என்பதற்கு இது நல்ல சான்று.

இந்த முறைக்கு எல்லை உண்டு. 44ஆவது அறுகோடு பெண் கொள்ளாதே என்று வெளிப்படையாகச் சொல்கிறது. அங்கே மேலே வானம், கீழே காற்று. குடும்ப முறைப்படி தந்தையும் மூத்த மகளும். இவர்களைக் கணவன் மனைவி ஆக்க முடியாது. துவான் உரையும் அந்த வழியில் போகாமல், ஒரே மென்கோடு ஐந்து திண்கோடுகளை எதிர்கொள்வதாக வாசிக்கிறது. 31இன் கோட்டு வாசகங்களோ கால்விரலில் தொடங்கி நாக்கு வரை உடலின் வழியாக ஏறுகின்றனவே தவிர, மலையையும் ஏரியையும் பற்றிப் பேசுவதில்லை. ஆகவே முக்கோடுகளை இரு ஆள்களாகக் காண்பது மூலத்தின் அடித்தளம் என்பதைவிட, பிந்தைய உரை மரபின் கருவி என்பதே சரி. பொருந்தும் இடத்தில் அது கூர்மையாக வேலை செய்கிறது, பொருந்தாத இடத்தில் பழைய உரைகாரரே அதைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

பிறந்த ஆண்டிலிருந்து ஒவ்வொருவருக்கும் ஒரு முக்கோட்டைக் கணக்கிட்டுப் பொருத்தம் சொல்லும் எட்டு மனை முறை, ஃபெங் சுயி நூல்கள் வழியாக இன்று பரவலாகப் புழங்குகிறது. அதிலும் மலைக்கு ஏரி, இடிக்குக் காற்று என்ற எதிர்மாறு இணைகளே இல்லறத்துக்கு உகந்தவை. இந்த அளவுக்குப் பழைய கட்டமைப்பை அது காத்திருக்கிறது. ஆனால் அதில் மேலும் இல்லை, கீழும் இல்லை. 31ஐயும் 41ஐயும் அதனால் வேறுபடுத்த முடியாது. எனவே அதன் அட்டவணைகளை யீ ஜிங்கின் தீர்ப்பாக ஏற்பதற்கில்லை.