பதினைந்து வருஷத்துக்கு அப்புறம்

பெரியப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது. கடலூர் புதுப்பாளையத்தில் சொந்த வீடு, 1986இல் மனை வாங்கி அவரே கட்டியது. வேலை பார்த்தது ஒரு தனியார் அச்சகத்தில், அதனால் பென்ஷன் கிடையாது. பெங்களூரில் இருக்கும் மகனிடம் மாதாமாதம் கேட்பது அவருக்குப் பிடிக்காத காரியம். போன வருஷம் சிதம்பரத்திலிருந்து நான் போயிருந்தபோது ஒரு பேப்பரை நீட்டினார். "வீட்ட வச்சா பேங்க்ல மாசாமாசம் பணம் தரானாம். நீ கொஞ்சம் பாத்து சொல்லு."

ரிவர்ஸ் மார்ட்கேஜ். அதாவது தலைகீழ் அடமானம். எதற்குத் தலைகீழ் என்பதை நம்ம ஊர் போக்கியத்தை வைத்துத்தான் அவருக்குச் சொன்னேன். போக்கியத்தில் வீட்டுக்காரர் ஒரு தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு வீட்டை விட்டுவிடுவார். பணம் கொடுத்தவர் குடியிருப்பார். வாடகையும் வட்டியும் ஒன்றுக்கொன்று கழிந்துவிடும். எத்தனை வருஷம் போனாலும் திருப்பித் தரவேண்டியது வாங்கிய அதே தொகைதான். 1882ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டமே இதை அடமானத்தில் ஒரு வகையாக எழுதி வைத்திருக்கிறது. இங்கே நடப்பது நேர் எதிர். குடியிருப்பது வீட்டுக்காரர், கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் தருவது வங்கி. கழித்துக்கொள்ள வாடகை இல்லாததால் வட்டி அசலோடு சேர்ந்துகொண்டே போகும். கடன் குட்டி போடும், அந்தக் குட்டியும் குட்டி போடும்.

இந்தியாவில் இதற்குப் பெரிய வயதில்லை. 2007 பட்ஜெட்டில் அறிவித்தவர் ப. சிதம்பரம் (பெரியப்பாவுக்கு இதில் ஒரு சந்தோஷம், "நம்ம ஊர் பேரு"). அதே வருஷம் தேசிய வீட்டுவசதி வங்கி விதிமுறைகளை வெளியிட்டது. கடன் வாங்குபவருக்கு அறுபது வயது ஆகியிருக்க வேண்டும். வீடு அவரே சம்பாதித்ததாகவும் அவரே குடியிருப்பதாகவும் இருக்க வேண்டும். இந்த 'அவரே சம்பாதித்தது' என்ற இடத்தில்தான் எங்கள் சிதம்பரத்துப் பூர்வீக வீடு அடிபட்டுப் போனது. அதில் பெரியப்பாவுக்கு உள்ள பங்கின் மதிப்பு புதுப்பாளையம் வீட்டைவிட அதிகமாகவே இருக்கும். ஆனால் பாகம் பிரிக்காத தாத்தா சொத்தை எந்த வங்கியும் இதற்கு எடுக்காது. பழைய தெருக்களில் பெரிய வீட்டோடு கைச்செலவுக்குக் கஷ்டப்படும் எத்தனையோ பேருக்கு இந்தத் திட்டம் எட்டாமல் போவதற்கு இது ஒரு காரணம்.

2008இல் வருமான வரிச் சட்டத்தையும் திருத்தினார்கள். இப்படி வரும் மாதப் பணம் வருமானம் ஆகாது, வீட்டை இப்படி அடமானம் வைப்பது விற்பனையும் ஆகாது. வரிக் கவலை அதோடு தீர்ந்தது.

கணக்குக்கு வருவோம். வீட்டின் மதிப்பு 40 லட்சம், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டோம். அதில் 60 சதவீதம், அதாவது 24 லட்சம் வரை கடன். இதைக் கேட்டதும் பெரியப்பா 24 லட்சத்தைப் பதினைந்து வருஷத்துக்கு வகுத்து, மாதம் பதிமூவாயிரம் வரும் என்று மனக்கணக்குப் போட்டுவிட்டார். அங்கேதான் எல்லாரும் வழுக்குகிறார்கள். அந்த 24 லட்சம் கைக்கு வருகிற பணம் இல்லை, பதினைந்தாவது வருஷ முடிவில் வட்டியோடு சேர்ந்து கடன் வந்து நிற்கிற உயரம். அதற்குள் அடங்கவேண்டுமென்றால் மாதம் சுமார் 5,790 ரூபாய்தான் வரும். 180 மாதத்தில் கையில் வாங்குவது பத்து லட்சத்து நாற்பதாயிரத்துச் சொச்சம். மீதி பதிமூன்றரை லட்சமும் வட்டி.

பெரியம்மா அதுவரை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "பதினஞ்சு வருஷத்துக்கு அப்புறம்?" என்றார்.

சரியான கேள்வி. கெடு முடிந்ததும் மாதப் பணம் நின்றுவிடும். ஆனால் வீட்டைவிட்டு யாரும் இறங்க வேண்டியதில்லை. கடன் வாங்கியவர்களில் கடைசி ஆள் இருக்கும்வரை அங்கேயே இருக்கலாம், கடனையும் கேட்க மாட்டார்கள். வட்டி மட்டும் ஓடும். அடுத்த ஐந்து வருஷத்தில் அந்த 24 லட்சம் 39 லட்சத்தைத் தாண்டிவிடும். வாங்கும்போது வீடு என்ன விலையோ, கிட்டத்தட்ட அதே தொகை.

பெரியப்பாவின் எண்பத்தேழு வயதில் பணம் நிற்கும். பெரியம்மாவுக்கு அப்போது எண்பத்தொன்று. மருந்துச் செலவு ஏறுகிற வயதில் வரவு நிற்கிறது. இந்தத் திட்டத்தின் ஓட்டை இதுதான். கடனுக்கு ஒரு கெடு இருக்கிறது, ஆயுளுக்கு இல்லை.

பிரான்சில் இதற்கு ஒரு புகழ்பெற்ற கதை உண்டு. அங்கே 'வியாஜே' என்ற பழைய வழக்கம். இது கடன் இல்லை, விற்பனை. வாங்குபவர் வயதானவர் சாகும்வரை மாதப் பணம் கொடுத்துவிட்டுப் பிறகு வீட்டை எடுத்துக்கொள்வார். 1965இல் ஆர்ல் நகரில் ரஃப்ரே என்ற வழக்கறிஞர், தொண்ணூறு வயது ழான் கால்மோவுக்கு மாதம் 2,500 பிராங்க் தருவதாக ஒப்பந்தம் போட்டார். அவருக்கு அப்போது நாற்பத்தேழு வயது. முப்பது வருஷம் கொடுத்தார், 1995இல் அவரே இறந்துபோனார். அவர் மனைவி தொடர்ந்து கொடுத்தார். 1997இல் கால்மோ இறந்தபோது வயது 122. கொடுத்த பணம் அந்த வீட்டு விலையைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நீண்ட ஆயுளின் நஷ்டம் அங்கே முழுசாக வாங்கியவர் தலையில் விழுந்தது.

நம் நாட்டிலும் 2009இல் அந்த ஓட்டையை அடைக்கப் பார்த்தார்கள். வங்கி தரும் தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கொடுத்து, அந்த நிறுவனம் ஆயுள் முழுக்கப் பென்ஷன்போலத் தரும் ஏற்பாடு. பெரியப்பா போய் விசாரித்த கிளையில் அது இல்லை என்றார்கள். சாதாரணத் திட்டத்தைக்கூட அங்கிருந்த அதிகாரி யாருக்கும் போட்டுக் கொடுத்ததில்லையாம்.

மகன் போனில் கேட்டது வேறு. "கடைசில பாக்கி என் தலையில விழுமா?"

விழாது. இருவர் காலத்துக்கும் பிறகு வங்கி வாரிசைத்தான் முதலில் கேட்கும். கடனைக் கட்டிவிட்டுப் பத்திரத்தை மீட்டுக்கொள்ளலாம், அதற்குச் சில மாதம் அவகாசம் உண்டு. வேண்டாமென்றால் வங்கி வீட்டை விற்கும், கடன்போக மிச்சம் வாரிசுக்கு வரும். விற்ற விலை கடனுக்குப் போதவில்லை என்றால் அந்த நஷ்டம் வங்கியுடையது, மகனின் சம்பளத்தில் கை வைக்க முடியாது. வீட்டு விலை வருஷம் 5 சதவீதம் ஏறினாலே இருபது வருஷத்தில் 40 லட்சம் ஒரு கோடியைத் தாண்டும். அப்போது மகனுக்கு அறுபது லட்சத்துக்கு மேல் மிஞ்சும். ஏறாவிட்டால் ஒன்றும் மிஞ்சாது.

நான் பயந்தது இடையில் வரக்கூடிய சிக்கல்களுக்கு. வீட்டு வரி கட்டாமல் விட்டால், காப்பீடு எடுக்காமல் விட்டால், ஒரு பகுதியை வாடகைக்கு விட்டால், தொடர்ந்து ஒரு வருஷம் அங்கே குடியிருக்காமல் போனால் கடனை உடனே கேட்க வங்கிக்கு உரிமை உண்டு. பேரனைப் பார்க்கப் பெங்களூர் போய் அங்கேயே தங்கிவிட்டாலும் இதே கதிதான். இன்னொன்று, கட்டடம் இன்னும் இருபது வருஷமாவது தாங்கும் என்று மதிப்பீட்டாளர் எழுதித் தரவேண்டும். 2011 டிசம்பரில் தானே புயல் பின்கட்டு ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போனதிலிருந்து அங்கே ஆஸ்பெஸ்டாஸ்தான் கிடக்கிறது.

விண்ணப்பத்தில் பெரியம்மா பெயரும் கடன்தாரராக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் பிடிவாதமாக நின்றேன். பெரியப்பா ஒருவர் பெயரில் மட்டும் வாங்கினால் அவரோடு கடனும் முதிர்ந்துவிடும், பெரியம்மா வீட்டைக் காலி செய்யும் நிலை வரும். மனைவிக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருந்தால் போதும், சேர்த்துக்கொள்ளலாம்.

மற்றதைப் பெரியம்மா முடிவு செய்தார். கையில் கொஞ்சம் டெபாசிட் இருக்கிறது. முதலில் அதை எடுத்துச் சாப்பிடுவது, எழுபத்தேழு வயதில் கடனுக்குப் போவது. அப்போது தொண்ணூற்றிரண்டு வரை பணம் வரும். வீட்டு மதிப்பையும் அன்றைய விலைக்குப் போடுவார்கள்.

"அதுக்குள்ள ஸ்கீமே இல்லாம போயிட்டா?" என்றார் பெரியப்பா.

"போனா வித்துட்டு சின்ன வீடா பாத்துக்கலாம்" என்றார் பெரியம்மா.

இந்தத் தைக்கு நான் போனபோது பின்கட்டில் தளம் போட ஆள் வந்திருந்தது. வீட்டு வரி ரசீதுகளை வருஷவாரியாக அடுக்கி ஒரு பைலில் போட்டு வைத்திருந்தார் பெரியப்பா. 2015 வெள்ளத்தில் நனைந்த நாலைந்து மட்டும் படிக்க முடியாமல் இருந்தன.