கொளுத்தும் வெயிலிலும் கரும்பு, மக்காச்சோளம் சோர்வதில்லை. நெல் திணறுவது ஏன்? இலைக்குள் நடப்பது இதுதான்!

சங்கரன்கோவில் வட்டாரத்தில் மானாவாரிக் கரிசலில் மக்காச்சோளமும், கிணறு, குளத்துப் பாசனத்தில் நெல்லும் கரும்பும் விளைகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே வெயில்தான். ஆனால் மதியம் ரெண்டு மணிக்கு இந்த இலைகளுக்குள் நடப்பது ஒன்றல்ல.

நெல்லுக்கு என்ன பிரச்னை?

காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்து சர்க்கரையாக்கும் வேலையைத் தொடங்கி வைப்பது 'ரூபிஸ்கோ' என்ற நொதி. இதற்கு ஒரு பலவீனம் உண்டு. சில நேரம் கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அதைச் சரிசெய்ய, ஏற்கெனவே சேர்த்த கார்பனில் கொஞ்சத்தைச் செடி இழக்க வேண்டும். இதுதான் ஒளிச்சுவாசம்.

சுமார் 25 டிகிரியிலேயே நான்கைந்து முறைக்கு ஒரு முறை இந்தத் தவறு நடக்கிறது. வெப்பம் ஏற ஏற இது கூடும். தண்ணீரைக் காப்பாற்ற இலைத்துளைகள் சுருங்கினால் உள்ளே கார்பன் டை ஆக்சைடு குறைந்து, தவறு இன்னும் கூடும். வட இந்தியாவில் விளையும் கோதுமைக்கும் இதே கதிதான். வெளிச்சம் எவ்வளவு அதிகம் கிடைத்தாலும், ஓர் அளவுக்கு மேல் இந்த இலைகளால் அதைப் பயன்படுத்த முடியாது.

கரும்பு என்ன செய்கிறது?

கரும்பும் மக்காச்சோளமும் வேலையை ரெண்டு அறைகளாகப் பிரித்துக்கொள்கின்றன. வெளி அறையில் இருப்பது 'பெப் கார்பாக்சிலேஸ்' என்ற வேறு நொதி. அது ஆக்சிஜனைத் தொடாது. அங்கே பிடிபடும் கார்பன், நான்கு கார்பன் கொண்ட அமிலமாகி, நரம்பைச் சுற்றியுள்ள உள் அறைக்குப் போகிறது. அங்கே மறுபடியும் கார்பன் டை ஆக்சைடாக வெளிப்பட்டு ரூபிஸ்கோவைச் சூழ்ந்துகொள்கிறது. ஆக்சிஜனுக்கு இடமே கிடைப்பதில்லை. அந்த 'நான்கு கார்பன்' காரணமாகத்தான் இவற்றுக்கு சி-4 பயிர்கள் என்று பெயர். நெல்லும் கோதுமையும் சி-3. ஆஸ்திரேலியாவில் ஹேட்ச், ஸ்லாக் ஆகியோர் 1966-ல் இதை விளக்கியதும் கரும்பு இலையை வைத்துத்தான்.

இலைத்துளைகளைப் பாதி மூடினாலும் வேலை நடப்பதால், ஒரு கிலோ உலர் எடை சேர்க்க மக்காச்சோளத்துக்கு நெல்லைவிடக் குறைந்த தண்ணீரே போதும்.

அப்போ வெயில் எதுவும் செய்யாதா?

செய்யும். இந்தப் பாதுகாப்பு இலைக்கு மட்டும்தான். பூக்கும் நேரத்தில் கடும் வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால் மக்காச்சோள மகரந்தம் பாதிக்கப்பட்டு கதிரில் மணி பிடிக்காது. இலை பச்சையாக இருக்கிறதே என்று நம்பி, அந்த நேரத்தில் தண்ணீர் விடாமல் இருக்கக் கூடாது. கரும்பு பத்து, பன்னிரண்டு மாதம் வயலில் நிற்பதால் மொத்தத் தேவையும் அதிகம். ரெண்டு அறை வேலைக்குக் கூடுதல் ஆற்றலும் செலவாகும். அதனால் குளிரிலும் நிழலிலும் இந்த ஏற்பாடு லாபமில்லை.