தோட்டத்து வெயில் இருந்தும் பாட்டிக்குக் கால்சியம் குறைவது ஏன்?

நெகிரி செம்பிலான் தோட்டத்தில் காலமெல்லாம் பால்மரம் வெட்டியவர் பாட்டி. வெயிலுக்கா பஞ்சம்?

அப்படித்தான் நினைப்போம். ஆனால் பால்வெட்டு விடியற்காலை வேலை. முழுக்கைச் சட்டை, தலைத்துணி, மர நிழல் வேறு. மேலும், வெயில் செய்வது முதல் வேலை மட்டும்தான்: தோலில் உள்ள ஒரு கொழுப்புப் பொருளை வைட்டமின் டி3 ஆக்கும்.

அப்புறம்?

கல்லீரல் அதை 25-ஹைட்ராக்ஸி வைட்டமின் டி ஆக மாற்றும். வழக்கமான ரத்தப் பரிசோதனை அளப்பது இதைத்தான். ஆனால் இது இன்னும் முழுதாக வேலைக்கு இறங்காத சரக்கு. சிறுநீரகம்தான் இதைக் கால்சிட்ரியால் ஆக்குகிறது. கால்சிட்ரியால் சொன்னால்தான் குடல் உணவிலிருந்து கால்சியத்தை நன்றாக உறிஞ்சும்.

சிறுநீரகத்துக்கு யார் உத்தரவு போடுறாங்க?

கழுத்தில் அரிசி அளவில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள். ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் ஹார்மோனைச் சுரக்கும். சிறுநீரகம் கால்சிட்ரியாலைக் கூட்டும், எலும்பும் கால்சியத்தை விடும். அளவு ஏறியதும் சுரப்பு அடங்கிவிடும்.

பாட்டிக்கு இனிப்பு நீரால் சிறுநீரகம் பழுதாகிவிட்டதே?

அங்கேதான் சிக்கல். வைட்டமின் டி 'நார்மல்' என்று ரிப்போர்ட் வரலாம்; கடைசி மாற்றம் நடக்காததால் கால்சியம் குறையும். சுரப்பி அடங்காமல் உத்தரவு போட, எலும்பு கரையும். வாயைச் சுற்றி மரத்துப்போகலாம், தசை இழுக்கலாம். அதனால்தான் டாக்டர் கால்சியம், பாஸ்பேட், பாராதைராய்டு ஹார்மோன் மூன்றையும் பார்க்கிறார். தேவைப்பட்டால் கால்சிட்ரியாலையே மாத்திரையாகத் தருகிறார். அளவு மீறினால் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், குழப்பம் வரும். நீங்களாக வாங்கிக் கொடுக்காதீங்க.